வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும்: பொதுப் பகுதி முதல் கடன் வாங்குவது வரை

1/2 + 1/3 என்ற கணக்குக்கு 2/5 என்று எழுதிக்கொண்டு வரும் பிள்ளையின் நோட்டில் வெறும் பெருக்கல் குறி போட்டு அனுப்புவதால் பயன் ஒன்றும் இல்லை. மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டுவது பார்க்க ஒழுங்காகத்தான் தெரிகிறது. பின்னங்களைப் பெருக்கும்போது அப்படித்தானே செய்கிறோம்? ஆனால் அந்த விடையையே கொஞ்சம் உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தில் இரண்டு என்பது பாதிக்கும் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சத்தைச் சேர்த்த பிறகு பாதியைவிடக் குறைந்து எப்படிப் போகும்?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதி, பகுதி என்ன வேலை செய்கிறது என்று புரிந்துகொள்வது.

பகுதி என்ன சொல்கிறது

பின்னத்தில் கீழே இருக்கும் எண், அதாவது பகுதி, துண்டின் அளவைச் சொல்கிறது. முழுதை எத்தனை சம பங்காக வெட்டினோம் என்பதே அது. மேலே இருக்கும் தொகுதி, அந்த அளவில் எத்தனை துண்டு நம்மிடம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்கிறது. 3/8 + 2/8 என்றால் இரண்டும் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகள். மூன்று துண்டும் இரண்டு துண்டும் சேர்ந்தால் ஐந்து துண்டு. துண்டின் அளவு மாறவில்லை, ஆகவே விடை 5/8. இவை ஓரினப் பின்னங்கள்.

1/2 + 1/3 அப்படி இல்லை. ஒரு பெரிய துண்டும் ஒரு சிறிய துண்டும் இருக்கின்றன. இரண்டு துண்டு என்று எண்ணிவிடலாம், ஆனால் எந்த அளவில் இரண்டு என்று சொல்ல முடியாது. இப்படிப் பகுதிகள் வெவ்வேறாக இருப்பவை வேற்றினப் பின்னங்கள். இவற்றைக் கூட்டவோ கழிக்கவோ ஒரே வழி, இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக மறுபடி வெட்டுவதுதான். பாதியை மூன்றாக வெட்டினால் ஆறில் மூன்று. மூன்றில் ஒன்றை இரண்டாக வெட்டினால் ஆறில் இரண்டு. இப்போது எல்லாமே ஆறில் ஒரு பங்குத் துண்டுகள்: 3/6 + 2/6 = 5/6. பாதியைவிடப் பெரியது, முழுதைவிடச் சிறியது. பொருந்துகிறது.

மேலும் கீழும் தனித்தனியே கூட்டும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் புத்திசாலிப் பிள்ளைகள் இதைக் கேட்பார்கள். முதல் தேர்வில் 20-க்கு 15, அடுத்ததில் 30-க்கு 18 என்றால் மொத்தம் 50-க்கு 33. இங்கே மேலும் கீழும் கூட்டினோம், விடையும் சரி. பிறகு பின்னத்தில் மட்டும் ஏன் கூடாது? மதிப்பெண் கணக்கில் இரண்டு வெவ்வேறு முழுமைகள் இருக்கின்றன: ஒரு தாள் 20, இன்னொரு தாள் 30. இரண்டையும் ஒட்டி 50 என்ற பெரிய முழுதை உண்டாக்கி, அதில் எவ்வளவு பங்கு கிடைத்தது என்று கேட்கிறோம். பின்னக் கூட்டலில் முழுமை ஒன்றுதான். அதை மாற்றாமல், அதே முழுதின் இரண்டு பங்குகளைச் சேர்க்கிறோம். உண்மையில் 15/20-ஐயும் 18/30-ஐயும் பின்னங்களாகக் கூட்டினால் 3/4 + 3/5 = 27/20 வரும், ஒன்றுக்கும் மேலே. 50-க்கு 33 என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கேள்வி வேறு, ஆகவே விடையும் வேறு.

பொதுப் பகுதியைக் கண்டுபிடிப்பது

பொதுப் பகுதியாக வரும் எண்ணை இரண்டு பகுதிகளும் மீதியில்லாமல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. இரண்டு பகுதிகளையும் பெருக்கினால் அப்படி ஒரு எண் நிச்சயம் கிடைக்கும். 5/12 + 7/18 என்ற கணக்கில் 12 × 18 = 216. முதல் பின்னம் 90/216, இரண்டாவது 84/216, கூடினால் 174/216. சரியான விடைதான், ஆனால் இதை மேலும் கீழும் 6-ஆல் வகுத்து 29/36 என்று சுருக்க வேண்டும். 174-க்கும் 216-க்கும் பொதுவாக 6 இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பிள்ளை களைத்துவிடும்.

அதனால்தான் பொது மடங்குகளிலேயே மிகச் சிறியதை, மீச்சிறு பொது மடங்கை (மீ.சி.ம) எடுக்கச் சொல்கிறோம். இலங்கைப் பாடநூல்கள் இதையே பொ.ம.சி என்று சுருக்கும். இந்தியாவில் 9-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித அறிஞர் மகாவீரர், பின்னங்களைக் கூட்டும் வேலையைச் சுருக்குவதற்காகவே இந்த எண்ணைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

சிறிய எண்களுக்குப் பெரிய பகுதியின் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்ப்பதே போதும். 12, 18 என்றால் 18-ஐ 12 வகுக்குமா? இல்லை. 36-ஐ? வகுக்கும். முடிந்தது. 8-ஐயும் 4-ஐயும் போல ஒன்று இன்னொன்றின் மடங்காக இருந்தால் பெரியதே மீ.சி.ம. எண்கள் பெரிதாகும்போது வகுத்தல் முறைதான் கைகொடுக்கும்:

```
2 | 12, 18
3 |  6,  9
  |  2,  3
```

இரண்டையும் 2 வகுக்கிறது, பிறகு இரண்டையும் 3 வகுக்கிறது, அடியில் 2-ம் 3-ம் மிஞ்சுகின்றன. இடப்பக்கமும் அடியிலும் உள்ள எல்லாவற்றையும் பெருக்கினால் 2 × 3 × 2 × 3 = 36.

இந்த ஏணியில் இன்னும் இரண்டு உதவிகள் ஒளிந்திருக்கின்றன. பலர் மீ.சி.ம கிடைத்தவுடன் ஏணியை விட்டுவிட்டு, 36-ஐ 12-ஆல் வகுத்தால் எத்தனை, 18-ஆல் வகுத்தால் எத்தனை என்று புதிதாகக் கணக்குப் போடுகிறார்கள். தேவையே இல்லை. அடியில் மிஞ்சிய எண்களை மாற்றிப் போட்டால் போதும். 12-க்குக் கீழே 2, 18-க்குக் கீழே 3 நிற்கிறது. 12 உள்ள பின்னத்தை 3-ஆலும், 18 உள்ள பின்னத்தை 2-ஆலும் மேலும் கீழும் பெருக்குங்கள்: 15/36, 14/36. கூட்டினால் 29/36.

இரண்டாவது உதவி, சுருக்கும்போது. மீ.சி.ம எடுத்துவிட்டால் விடை தானாகவே எளிய வடிவில் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வராது. 1/6 + 3/10 = 5/30 + 9/30 = 14/30. இதை இன்னும் 7/15 என்று சுருக்கலாம். ஆனால் எதனால் சுருங்குமோ என்று 30-இன் காரணிகள் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் இரண்டு பின்னங்களும் எளிய வடிவில் இருந்தால், ஏணியின் இடப்பக்கத்தில் நிற்கும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். 6, 10-க்கு இடப்பக்கம் 2 மட்டுமே வரும். 14-ஐ 2 வகுக்கிறது, ஆகவே 7/15, அதற்கு மேல் சுருங்காது. முந்தைய கணக்கில் இடப்பக்கம் 2, 3. 29-ஐ இரண்டும் வகுக்கவில்லை, ஆகவே 29/36 அப்படியே நிற்கும். 3-ம் 5-ம் போல இடப்பக்கத்தில் எதுவுமே வராத பகுதிகள் என்றால் சுருக்கவே வேண்டாம்: 2/3 + 3/5 = 19/15, அவ்வளவுதான்.

மூன்று பின்னங்கள் வந்தால் ஏணியில் ஒரு இடம் வழுக்கும். 1/6 + 3/8 + 4/9 என்று எடுத்துக்கொள்வோம்.

```
2 | 6, 8, 9
3 | 3, 4, 9
  | 1, 4, 3
```

முதல் வரியில் 9-ஐ 2 வகுக்கவில்லை. அதை அப்படியே கீழே இறக்கினோம். மூன்றையும் வகுத்தால்தான் வகுக்க வேண்டும் என்று நினைத்து இங்கேயே நிறுத்துபவர்களுக்கு 6 × 8 × 9 = 432 வந்துவிடும். இரண்டு எண்களை வகுத்தாலே மேலே போகலாம். 2 × 3 × 1 × 4 × 3 = 72. பின்னங்கள் 12/72, 27/72, 32/72 ஆகின்றன, மொத்தம் 71/72. மூன்று எண்கள் இருக்கும்போது மாற்றிப் பெருக்கும் வித்தை நடக்காது, ஆகவே 72-ஐ ஒவ்வொரு பகுதியாலும் வகுத்துத்தான் பெருக்கும் எண்ணைக் காண வேண்டும்.

முன்னமே முடிவு செய்த பொதுப் பகுதி

ஒவ்வொரு கணக்குக்கும் புதிதாகப் பொதுப் பகுதி தேடாமல், ஒரே ஒரு சிறு துண்டை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக வைத்துக்கொண்டால் என்ன? நம் பழைய தமிழ்க் கணக்கு அதைத்தான் செய்தது. முந்திரி என்பது 1/320. காணி 1/80, அதாவது 4 முந்திரி. மா 1/20, அது 16 முந்திரி. வீசம் அல்லது மாகாணி 1/16, அது 20 முந்திரி. கால் 80, அரை 160. கால், மா, காணி மூன்றையும் கூட்ட வேண்டுமா? 80 + 16 + 4 = 100 முந்திரி. 100/320 = 5/16. கூட்டல் முழுவதும் முழு எண்களிலேயே நடந்துவிட்டது. மாவும் காணியும் சேர்ந்தால் 20 முந்திரி, அதுதான் மாகாணி.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. 320-இன் பகாக் காரணிகள் 2-ம் 5-ம் மட்டுமே. மூன்றில் ஒன்றை முந்திரியில் எழுதப் போனால் 106-க்கும் 107-க்கும் நடுவில் மாட்டிக்கொள்வோம். நிலையான பொதுப் பகுதி எதை எடுத்தாலும் இதே கதைதான். அதில் இல்லாத பகா எண் ஒன்று பகுதியில் வந்தால் உடைந்துவிடும். அதனால்தான் வரும் பின்னங்களைப் பார்த்துப் பொதுப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் முறை தேவைப்படுகிறது.

கலப்புப் பின்னங்களைக் கூட்டுதல்

இங்கே 3 3/4 என்று இடம்விட்டு எழுதியிருப்பதை மூன்றும் நான்கில் மூன்றும், அதாவது மூன்றேமுக்கால் என்று படியுங்கள். நடுவில் மறைந்திருப்பது கூட்டல் குறி. அதனால் முழு எண்களைத் தனியாகவும் பின்னங்களைத் தனியாகவும் கூட்டிப் பிறகு சேர்க்கலாம்.

3 3/4 + 2 5/6. முழு எண்கள் 3 + 2 = 5. பின்னங்களின் பொதுப் பகுதி 12: 9/12 + 10/12 = 19/12. இது தகா பின்னம், உள்ளே ஒரு முழுது இருக்கிறது: 1 7/12. அந்த ஒன்றை 5-உடன் சேர்த்தால் 6 7/12. விடையை 5 19/12 என்று அப்படியே விட்டுவைப்பதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. மதிப்பு தவறில்லை, ஆனால் வேலை முடியவில்லை.

எழுதும் முன்பே ஒரு மதிப்பீடு போட்டுவிடுவது நல்லது. முதலாவது 4-க்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவது 3-க்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே விடை 7-க்குள் அடங்க வேண்டும். 6 7/12 அடங்குகிறது.

கழித்தல்: கடன் வாங்கும் இடம்

கலப்புப் பின்னக் கழித்தல்தான் அதிகம் பேர் விழும் இடம். 5 1/6 − 2 3/4 என்ற ஒரே கணக்கை முழுசாகப் பார்ப்போம்.

முதலில் பொதுப் பகுதி 12. கணக்கு 5 2/12 − 2 9/12 என்று மாறுகிறது. முழு எண்ணில் 5-இலிருந்து 2 போகும், சிக்கலில்லை. பின்னத்தில் 2-இலிருந்து 9 போகாது. ஆகவே 5-இலிருந்து ஒன்றைக் கடன் வாங்க வேண்டும். கேள்வி, அந்த ஒன்று எத்தனை துண்டாக வந்து சேர்கிறது?

முழு எண் கழித்தலில் கடன் வாங்கினால் எப்போதும் பத்து வந்தது. அந்தப் பழக்கத்தில் இங்கும் 2-ஐ 12 ஆக்கி, 12 − 9 = 3 என்று எழுதி, 2 3/12 என்று விடை தருகிறார்கள். பகுதியும் 12-ஆகவே இருப்பதால் இந்தக் கணக்கில் தவறு கண்ணில் படுவதுகூட இல்லை. ஆனால் நாம் கடன் வாங்கியது ஒரு முழுது. அதைப் பன்னிரண்டில் ஒரு பங்குத் துண்டுகளாக உடைத்தால் பன்னிரண்டு துண்டு கிடைக்கும், பத்து அல்ல. ஏற்கெனவே இருந்த 2 துண்டோடு சேர்ந்து 14. கடன் வாங்கும் தொகை எப்போதும் பகுதிக்குச் சமம்.

5 2/12 = 4 + 12/12 + 2/12 = 4 14/12

இந்த வரியைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். மனதில் செய்யும்போதுதான் பத்து நுழைந்துவிடுகிறது. இப்போது 4 14/12 − 2 9/12 = 2 5/12.

இன்னொரு தவறும் உண்டு. 2-இலிருந்து 9 போகாது என்றதும், 9-இலிருந்து 2-ஐக் கழித்து 7 எழுதிவிடுவது. விடை 3 7/12 ஆகிவிடும். இதை மதிப்பீடே பிடித்துவிடும்: ஐந்துக்குச் சற்று மேலே இருப்பதிலிருந்து ஏறக்குறைய மூன்று போனால் இரண்டுக்குச் சற்று மேலேதான் நிற்கும், மூன்றரையைத் தாண்ட வழியில்லை. ஆனால் பத்துக் கடன் வாங்கிய 2 3/12-ஐ மதிப்பீடு பிடிக்காது, அதுவும் இரண்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. அதற்கு வேறு சரிபார்ப்பு வேண்டும்.

கடைக்காரர் மீதிச் சில்லறை தருவதுபோல ஏறுமுகமாக எண்ணுவது நல்ல சரிபார்ப்பு. 2 3/4-இலிருந்து 3-க்குப் போக 1/4 வேண்டும். 3-இலிருந்து 5 1/6-க்குப் போக 2 1/6 வேண்டும். மொத்தம் 2 + 3/12 + 2/12 = 2 5/12. இங்கே கடனே வாங்கவில்லை, ஆகவே கடனில் நடந்த தவறு திரும்ப நடக்க இடமில்லை.

இரண்டையும் தகா பின்னமாக்கிக் கழிக்கலாமே என்று கேட்பீர்கள். தாராளமாக: 31/6 − 11/4 = 62/12 − 33/12 = 29/12 = 2 5/12. கடன் தொல்லை அடியோடு போய்விடுகிறது. முழு எண்கள் சிறியதாக இருக்கும்வரை இதுவே பத்திரமான வழி என்பது என் கருத்து. 148 5/6 − 96 7/9 போன்ற கணக்கில் மட்டும் இதைத் தொட வேண்டாம். 148-ஐ 6-ஆல் பெருக்கி, பிறகு எல்லாவற்றையும் பதினெட்டுகளாக்கி, கடைசியில் திரும்ப வகுக்கும்போது எங்காவது ஓரிடத்தில் தடுக்கும். முழு எண்ணைத் தனியே வைத்தால் 15/18 − 14/18 = 1/18, 148 − 96 = 52, விடை 52 1/18. இரண்டு வரி.

முழு எண்ணிலிருந்து கலப்புப் பின்னத்தைக் கழிப்பதையும் சொல்லிவிடுகிறேன். 7 − 2 3/8. மேலே பின்னமே இல்லாததால், 3/8-ஐ அப்படியே கீழே இறக்கி 5 3/8 என்று எழுதிவிடுகிறார்கள். 7-ஐ 6 8/8 என்று மாற்றி எழுதினால் 4 5/8 வந்துவிடும். ஏழிலிருந்து இரண்டுக்கும் மேலே எடுத்தால் ஐந்துக்குக் கீழேதான் மிஞ்சும் என்று ஒரு கணம் யோசித்தாலே 5 3/8 அடிபட்டுப்போகும்.

அளவு நாடாவில் ஒரு கணக்கு

அங்குலத்தில் அளக்கும் மரவேலையில் இது தினமும் வரும். அலமாரியின் வெளி உயரம் 27 3/8 அங்குலம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று முக்கால் அங்குல கனமுள்ள இரண்டு பலகைகள். அவற்றுக்கு நடுவில் நிற்கும் பக்கப் பலகையை எந்த நீளத்தில் அறுக்க வேண்டும்?

பலகைகளின் கனம் 3/4 + 3/4 = 1 1/2. அங்குல நாடாவில் கோடுகள் பாதி, கால், எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்றே போவதால், பகுதிகள் ஒன்றுக்கொன்று மடங்காகவே இருக்கும். பெரியதை எடுத்துக்கொண்டால் போதும், இங்கே 8. கணக்கு 27 3/8 − 1 4/8. மூன்றிலிருந்து நான்கு போகாது. ஒன்று கடன் வாங்கினால் 26 11/8. கழித்தால் 25 7/8 அங்குலம்.

பத்துக் கடன் வாங்கியிருந்தால் 25 9/8, அதாவது 26 1/8. எண்களைப் புரட்டிக் கழித்திருந்தாலும் 26 1/8. இரண்டு தவறும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுகின்றன, பலகை கால் அங்குலம் நீண்டு உள்ளே போகாமல் நிற்கும். நீண்டதை மறுபடி அறுத்துக்கொள்ளலாம். கூட்டலில் பிழை செய்து குட்டையாக அறுத்தால் புதுப் பலகைதான்.

போட்டுப் பார்க்க நான்கு

7/10 + 8/15, 2 5/8 + 3 7/12, 4 2/9 − 1 5/6, 9 − 3 4/7. விடைகள் முறையே 1 7/30, 6 5/24, 2 7/18, 5 3/7. முதல் கணக்கில் 15/25 அல்லது 3/5 வந்திருந்தால் மேலும் கீழும் கூட்டியிருக்கிறீர்கள். இரண்டாவதில் 5 5/24 என்றால் தகா பின்னத்துக்குள் இருந்த ஒன்றைச் சேர்க்க மறந்திருக்கிறீர்கள். மூன்றாவதில் 3 11/18 என்றால் எண்களைப் புரட்டிக் கழித்ததன் விளைவு, 3 7/18 என்றால் கடன் வாங்கிய பிறகு 4-ஐ 3 ஆக்கவில்லை. நான்காவதில் 6 4/7 என்றால் பின்னம் அப்படியே கீழே இறங்கிவிட்டது, 6 3/7 என்றால் ஒன்பதிலிருந்து வாங்கிய ஒன்றைக் குறைக்கவில்லை.